வாசலில் பணம்: கேஷ் ஆன் டெலிவரியும் திரும்பி வரும் பார்சலும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் துணிக்கடை வைத்திருப்பவர்கள் பலர் இப்போது இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் விற்கிறார்கள். படம் போட்டதும் விலை கேட்டு மெசேஜ் வரும். அடுத்த கேள்வி பெரும்பாலும் "கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்றால் ஆர்டர் வரும். அதில் ஒரு பங்கு யாரும் வாங்காமல் கடைக்கே திரும்பியும் வரும். இல்லை என்றால் பலர் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது கணக்கு போட்டால் தெரிகிற விஷயம்தான். கடை ஆரம்பிக்கும்போது யாரும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வாசலில் பணம் வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. இந்தியத் தபால் துறையில் வி.பி.பி. என்கிற ஏற்பாடு 1877-லேயே வந்துவிட்டது. தபால்காரர் பார்சலைக் கொண்டுவருவார், பணத்தை வாங்குவார், அது மணியார்டராக அனுப்பியவருக்குப் போகும். ஃபிளிப்கார்ட் 2010-ல் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தபோது தபால்காரர் இருந்த இடத்தில் கூரியர் பையன் வந்தார், அவ்வளவுதான். பார்சல் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற வழக்கமும் அன்றிலிருந்தே உண்டு.

முதலில் பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுவோம். வாடிக்கையாளர் ஆன்லைனில் பணம் கட்டினால் அது பேமென்ட் கேட்வே வழியாக இரண்டு மூன்று வேலை நாளில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அதற்குச் சுமார் இரண்டு சதவீதம் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்வே இல்லாமல் உங்கள் யுபிஐ க்யூஆரில் நேராக வாங்கினால் அந்தக் கட்டணமும் கிடையாது. ஆனால் யார் எதற்கு அனுப்பினார்கள் என்று நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேஷ் ஆன் டெலிவரியில் பணம் முதலில் கூரியர் கம்பெனியின் கைக்குப் போகிறது. டெலிவரி பையன் வாசலில் ரொக்கமாக வாங்குவார், அல்லது தன் போனில் க்யூஆர் காட்டி யுபிஐயில் வாங்குவார். பார்சல் ஒப்படைத்த பிறகு அந்தக் கம்பெனி வாரம் ஒருமுறையோ, வாரத்தில் இரண்டு முறையோ, மொத்தமாக உங்கள் கணக்குக்கு அனுப்பும். பொருள் கடையை விட்டுப் போன நாளிலிருந்து பணம் கைக்கு வர சுலபமாகப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். இந்தச் சேவைக்கு ஒரு தொகை தனியாகப் பிடிப்பார்கள். வழக்கமாக ஒரு நிலையான தொகை அல்லது பார்சல் மதிப்பில் ஒரு சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

ஒரு பார்சலின் கணக்கு

எம்.சி. ரோட்டில் நைட்டி விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு காட்டன் நைட்டி ஒரு செட், விலை 700 ரூபாய், டெலிவரி இலவசம். சரக்கின் அடக்கம் 430. கவர், லேபிள், டேப் எல்லாம் சேர்த்து 15. அனுப்பும் கூலி 70. இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கூரியரின் ரேட் கார்டை எடுத்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் பணம் கட்டியவருக்கு அனுப்பினால் கேட்வே கட்டணம் ஏறக்குறைய 17 ரூபாய் போகும். 700-லிருந்து எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது 168.

கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பி, அவர் வாங்கிக்கொண்டால் கேட்வே கட்டணம் இல்லை. அதற்குப் பதில் பணம் வசூலித்துத் தருவதற்கு 40 ரூபாய் என்று வையுங்கள். நிற்பது 145. இது வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 23 ரூபாய்க்காக யாரும் கேஷ் ஆன் டெலிவரியை மூட மாட்டார்கள்.

வாங்காமல் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? போன கூலி 70 போனதுதான், கூரியர் அதைத் திருப்பித் தராது. திரும்பி வரும் கூலி 60 என்று வைப்போம். வசூல் கட்டணத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் விட்டுவிடும், உங்கள் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிழிந்த கவருக்கு 15. மடிப்புக் கலைந்த துணியைத் திரும்ப இஸ்திரி போட்டு மடித்துக் கட்ட 10. மொத்தம் 155 ரூபாய் நஷ்டம். துணி பத்திரமாக வந்தால்தான் இந்தக் கணக்கு. அழுக்காகி வந்தால் 430-லும் ஒரு பகுதி போகும்.

அதாவது, ஒரு பார்சல் திரும்பினால் ஒழுங்காகப் போன ஒரு பார்சலின் லாபம் முழுக்கப் போய், அதற்கு மேலும் 10 ரூபாய் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மாதக் கணக்குக்குப் போவோம். மாதம் 100 ஆர்டர். 40 பேர் ஆன்லைனில் கட்டுகிறார்கள், 60 பேர் கேஷ் ஆன் டெலிவரி. அந்த 60-ல் 15 திரும்பி வருகிறது.

வாங்கிய 45 பார்சலில் வந்த லாபம் 6,525. திரும்பிய 15-ல் நஷ்டம் 2,325. மிச்சம் 4,200. அறுபதால் வகுத்தால் பார்சலுக்கு 70 ரூபாய். ஆன்லைன் ஆர்டர் 168 தருகிறது, கேஷ் ஆன் டெலிவரி சராசரியாக 70 தருகிறது. கடைக்காரர் மனதில் இருக்கும் எண்ணோ 145. ஆர்டர் குவிந்தும் கையில் காசு நிற்கவில்லை என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியை மூடிவிட்டால் அந்த 60 பேரில் எத்தனை பேர் ஆன்லைனில் கட்டி வாங்குவார்கள்? 4,200-ஐ 168-ஆல் வகுத்தால் சரியாக 25. அறுபதில் 25 பேருக்கு மேல் ஆன்லைனுக்கு மாறுவார்கள் என்றால் மூடுவதே லாபம். பத்துப் பதினைந்து பேர்தான் மாறுவார்கள் என்றால் திரும்பி வரும் பார்சல் தலைவலியோடு சேர்த்தே கேஷ் ஆன் டெலிவரியை வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பித்த கடைக்கு, பெயர் தெரியாத வரைக்கும், மாறுகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். முன்னால் பணம் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பாத போலிப் பக்கங்களிடம் ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய பேர். அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. இரண்டாம் முறை வாங்க வருகிறவருக்கு அந்தப் பயம் இருக்காது, அவரிடம் ஆன்லைனில் கட்டச் சொல்லலாம்.

தள்ளுபடியா, கட்டணமா, முன்பணமா

ஆன்லைனில் கட்டுகிறவர்களைக் கூட்ட எல்லோரும் முதலில் செய்வது, "ஆன்லைனில் கட்டினால் 30 ரூபாய் தள்ளுபடி" என்று போடுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எப்படியும் ஆன்லைனில் கட்டப்போகிற அந்த 40 பேருக்கும் இந்த 30 ரூபாய் போகும். அது 1,200 ரூபாய். மாறி வருகிற ஒவ்வொருவரிடமும் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 68 தான்: 168-ல் தள்ளுபடி 30 போக 138, அதில் பழைய சராசரி 70-ஐக் கழித்தால் 68. ஆக, குறைந்தது 18 பேர் மாறினால்தான் கொடுத்த தள்ளுபடியே திரும்பக் கிடைக்கும்.

அதையே திருப்பிப் போட்டு, கேஷ் ஆன் டெலிவரிக்கு 40 ரூபாய் கட்டணம் என்று வைத்தால் ஏற்கெனவே ஆன்லைனில் கட்டுகிறவர்கள் பக்கம் எந்தச் செலவும் இல்லை. வாங்கிக்கொள்கிற 45 பேரிடமிருந்து 1,800 ரூபாய் வரும். மாற நினைப்பவர்கள் 40 ரூபாயை மிச்சம் பிடிக்க மாறுவார்கள். எனக்குத் தள்ளுபடியைவிட இந்த வழிதான் சரியாகப் படுகிறது. ஒரே நிபந்தனை, கட்டணத்தை விலை சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். எல்லாத் தகவலையும் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் திடீரென்று 40 ரூபாயைச் சேர்ப்பது நியாயமில்லை. மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்களிலும், விலையைக் கடைசியில் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது கூடாதவற்றில் ஒன்றாக இருக்கிறது.

மூன்றாவது வழி முன்பணம். 100 ரூபாயை யுபிஐயில் வாங்கிக்கொண்டு மீதி 600-ஐ வாசலில் வசூலிப்பது. சிறு கடைகளுக்கு இதுதான் நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். விளையாட்டாக ஆர்டர் போடுகிறவர் 100 ரூபாய் கேட்டதுமே போய்விடுவார். உண்மையாகவே வேண்டும் என்பவர், 700-ஐ முன்னால் அனுப்பப் பயந்தாலும் 100-ஐ அனுப்புவார். பார்சல் திரும்பினாலும் நஷ்டம் 155 இல்லை, 55 தான்.

ஆர்டர் குறையுமே என்று தோன்றும். குறையும்தான். 60 ஆர்டர் 45 ஆகிவிட்டது, அதில் 5 மட்டும் திரும்பியது என்று வைத்துப் பாருங்கள். வாங்கிய 40 பார்சலுக்கு 5,800 லாபம், திரும்பிய ஐந்துக்கு 275 நஷ்டம், மிச்சம் 5,525. பதினைந்து ஆர்டர் போயும் 4,200-ஐவிட அதிகம். பார்சல் கட்டுகிற வேலையும் குறைவு. முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதை ஆர்டர் எடுக்கும் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் அனுப்பத் தாமதித்தாலோ, தப்பான நிறம் போனாலோ திருப்பித் தர வேண்டியதுதான். வாசலில் காரணமில்லாமல் வேண்டாம் என்றால் கூரியர் செலவுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இப்படி இரண்டு வரி போதும்.

கூரியர் தளத்தில் இந்த ஆர்டரைப் பதியும்போது வசூலிக்க வேண்டிய தொகை என்ற இடத்தில் 600 என்று போட வேண்டும், 700 என்றில்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். முன்பணம் கொடுத்தவரிடம் வாசலில் முழுத்தொகை கேட்டால் அந்தப் பார்சல் அப்போதே திரும்பிவிடும். குற்றம் அவருடையது இல்லை. அதேபோல் கேஷ் ஆன் டெலிவரி போட்டவர் பிறகு மனம் மாறி யுபிஐயில் முழுப் பணத்தையும் அனுப்பினால், பிக்கப்புக்கு முன்பே பழைய பதிவை ரத்து செய்து Prepaid என்று புதிதாகப் போட்டு லேபிளை மாற்றிவிட வேண்டும். பார்சல் கிளம்பிய பிறகு மாற்றுவது பல கம்பெனிகளில் முடியாது, அல்லது சிரமம்.

அனுப்புவதற்கு முன்

பார்சல் ஏன் திரும்புகிறது என்று பார்த்தால், "பிடிக்கவில்லை" என்பது அதில் ஒரு பகுதிதான். பிரிக்காத கவரைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்? ஆர்டர் போட்டவர் வேலைக்குப் போயிருப்பார். கதவைத் திறந்த மாமியார் "நாங்க ஒண்ணும் ஆர்டர் போடலையே" என்று அனுப்பிவிடுவார். கவர்மேல் கடையின் பெயருக்குப் பதில் கூரியர் சேவைத் தளத்தின் பெயர் இருக்கும். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து வாங்க மாட்டார்கள். கேட்காத பார்சலை அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடிகள் நடக்கிற காலத்தில் அந்தப் பயம் தப்பில்லை. அல்லது ஒரு வாரம் தாமதமாகப் போயிருக்கும். அதற்குள் பக்கத்துத் தெருவிலேயே வாங்கியிருப்பார்கள். அல்லது அன்றைக்குக் கையில் பணம் இருக்காது.

இதில் பாதியை ஒரு போன் பேச்சில் சரிசெய்யலாம். ஆர்டர் வந்த அன்றே பேச வேண்டும்.

"அக்கா, எம்.சி. ரோடு நைட்டிக் கடையில இருந்து பேசுறேன். ரெண்டு நைட்டி, ஒண்ணு மெரூன், ஒண்ணு நேவி புளூ, டபுள் எக்ஸ்எல். சரிதானே?"

"ஆமாம்மா, சரிதான்."

"எழுநூறு ரூபாய் வாசல்ல குடுக்கணும், க்யூஆர்லயும் போடலாம். வியாழன் இல்லேன்னா வெள்ளி வரும். பகல்ல வீட்ல யார் இருப்பாங்க?"

"நான் டூட்டிக்குப் போயிடுவேன். எங்க அத்தைதான் இருப்பாங்க."

"அப்போ அத்தைகிட்ட பணத்தைக் குடுத்துச் சொல்லிடுங்கக்கா. கவர்மேல எங்க கடைப் பேரு பெருசா ஒட்டியிருக்கும்."

இந்தப் பேச்சுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அளவு, நிறம், தொகை, நாள், வாங்கப்போகிற ஆள், கவரின் அடையாளம் எல்லாம் முடிந்தது. இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை, வாட்ஸப்பிலும் பதில் இல்லை என்றால் அந்தப் பார்சலைக் கட்டவே வேண்டாம். ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு விடுங்கள். வேண்டும் என்பவர் கட்டாயம் திரும்ப அழைப்பார்.

முகவரி இன்னொரு தொல்லை. வடசென்னைக்குள்ளேயே அனுப்பினாலும் இது உண்டு. பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் இருக்கும். வாடிக்கையாளர் ஒன்றை மட்டும் எழுதுவார், சுவரில் இன்னொன்று இருக்கும். வாரியக் குடியிருப்புகளில் பிளாக் எண் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் கூரியர் பையன் கீழேயே நின்று திரும்பிவிடுவார். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே பெயரில் முதல் தெரு, இரண்டாம் தெரு, குறுக்குத் தெரு என்று வரிசையாகப் போகும் இடங்களில் எந்தத் தெரு என்பது விட்டுப்போனால் பார்சல் போய்ச் சேராது. போனில் பேசும்போதே பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி, ரேஷன் கடை என்று ஏதாவது ஒரு அடையாளத்தைக் கேட்டு முகவரியின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். கடைசி வரியில் போட்டால் சில லேபிள்களில் அது வெட்டுப்பட்டுவிடும்.

பணம் கையில் இருக்கும் நாளையும் கேட்டு அனுப்பலாம். காசிமேட்டில் விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருகிற ஆர்டருக்கு "எந்தத் தேதியில் வந்தால் வசதி?" என்று கேட்டு அனுப்புவது நல்லது. எண்ணூர், மணலி பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களிடம் தேதியைவிட நேரத்தைக் கேளுங்கள்.

ராயபுரம், கொருக்குப்பேட்டை, பெரம்பூர் மாதிரி பக்கத்து இடங்களுக்குக் கூரியரே வேண்டாம், கடைப் பையனை டூவீலரில் அனுப்பிவிடலாம் என்றால் கணக்கே வேறு. திரும்பி வந்தால் நஷ்டம் பெட்ரோலும் அரை மணி நேரமும்தான், துணியும் அன்றைக்கே ரேக்குக்கு வந்துவிடும். அங்கெல்லாம் கேஷ் ஆன் டெலிவரியைத் தாராளமாகத் திறந்து விடலாம். வெளிமாநிலத்துக்குப் போகும் பார்சலுக்குக் கூலியும் அதிகம், பேச மொழியும் சிக்கல். அங்கே முன்பணம் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்பேன்.

வாசலில் நின்ற பிறகு

பார்சல் ஒப்படைக்க முடியாமல் போனால் கூரியர் தளத்தின் திரையில் NDR என்ற பகுதியில் அது வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு காரணமும் இருக்கும்: ஆள் இல்லை, முகவரி முழுமையாக இல்லை, பணம் தயாராக இல்லை, வாங்க மறுத்தார், வேறு நாளில் வரச் சொன்னார். இது கடைசி முடிவு இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் மொத்தம் மூன்று முறை வரை முயற்சி செய்யும். ஆனால் மறுபடி போகச் சொல்லி நீங்கள் பதில் போட வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு நாளுக்குள். போடாமல் விட்டால் நிலை RTO என்று மாறிவிடும், அதாவது பார்சல் உங்களிடம் திரும்பக் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் கெஞ்சினாலும் பெரும்பாலும் நிறுத்த முடியாது.

ஆகவே தினமும் மாலை ஒருமுறை அந்தப் பகுதியைத் திறந்து பார்ப்பது கட்டாயம். பார்த்ததும் கூரியருக்கு எழுதுவதற்கு முன் வாடிக்கையாளரை அழையுங்கள். ஏனென்றால் திரையில் இருக்கும் காரணத்தை அப்படியே நம்ப முடியாது. ஒரு நாளைக்கு ஏகப்பட்ட பார்சல் தூக்கும் டெலிவரி பையனுக்குச் சில வீடுகளுக்குப் போக நேரம் இருக்காது. வண்டியில் உட்கார்ந்தபடியே "ஆள் இல்லை" என்றோ "வாங்க மறுத்தார்" என்றோ அழுத்திவிடுவார். அவர் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். முயற்சி நடந்த நேரத்தைப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், வேறு வேறு ஏரியாவில் இருக்கும் உங்கள் மூன்று பார்சலும் சில நிமிட இடைவெளியில் பதிவாகியிருந்தால் யாரும் எந்த வாசலுக்கும் போகவில்லை என்று அர்த்தம். வாடிக்கையாளர் தனக்கு அழைப்பே வரவில்லை என்பார். அந்த நேரத்தில் தன் போனில் வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பச் சொல்லுங்கள். அதை இணைத்து, "முயற்சி நடக்கவில்லை, நாளை காலை 11 முதல் 1 மணிக்குள் கொண்டுபோகவும்" என்று எழுதுங்கள். சில கம்பெனிகளில் மறுப்பைப் பதிய வாடிக்கையாளரின் போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அப்படிப்பட்ட வசதி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

உண்மையாகவே ஆள் இல்லை என்றால் நேரமும் இன்னொரு போன் எண்ணும் வாங்கிப் போடுங்கள். பணம் இல்லை என்றால் நாளைத் தள்ளிப் போடலாம். ஆனால் டெலிவரி நடக்க வேண்டிய ஊரில் கூரியர் பார்சலை அதிக நாள் வைத்திருக்காது, ஒரு வாரத்துக்கு மேல் தள்ளுவது வீண். உண்மையாகவே மனம் மாறிவிட்டது, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தி மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பும், அதற்குள் துணி இன்னும் நாலு நாள் வெளியில் சுற்றும். காரணத்தை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுகிற சரக்கு என்பது தனி நஷ்டம். மேலே சொன்ன கடையில் திரும்பும் 15 பார்சலில் இருப்பது 6,450 ரூபாய் சரக்கு. போக நாலைந்து நாள், முயற்சி செய்ய மூன்று நாள், திரும்பி வர ஒரு வாரம், பத்து நாள். தீபாவளிக்கு முந்தின வாரம் கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பிய புது டிசைன், திரும்பி வரும்போது பண்டிகை முடிந்திருக்கும். அதே டிசைனைக் கடைக்கு வந்து கேட்டவருக்கு இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். எனவே பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தூரத்து ஊர்களுக்கு ஆன்லைன் பணம் மட்டும் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

திரும்பி வந்த பார்சல்

திரும்பி வந்த கவரை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போடும் பழக்கம் எல்லா வீட்டுக் கடைகளிலும் இருக்கிறது. வந்த அன்றே பிரிப்பதுதான் முறை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கவரின் டேப் உங்களுடையதா, வேறு டேப் மேலே ஒட்டியிருக்கிறதா, எடை குறைவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் "கவர் பிரிக்கப்பட்டிருக்கிறது" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். லேபிளில் இருக்கும் எண், கவரின் நாலு பக்கம், உள்ளே இருக்கும் துணி, இவை ஒரே வீடியோவில் வெட்டாமல் வர வேண்டும். நைட்டிக்குப் பதில் பழைய துணியோ, இரண்டுக்குப் பதில் ஒன்றோ இருந்தால் இந்த வீடியோதான் ஆதாரம். புகார் கொடுக்க இருக்கும் அவகாசம் சில கம்பெனிகளில் இரண்டு மூன்று நாள்தான்.

துணி நன்றாக இருந்தால் இஸ்திரி போட்டு அன்றைக்கே ஸ்டாக்கில் ஏற்றிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அந்த பில்லுக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். இல்லையென்றால் விற்காத சரக்குக்கு வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

திருப்பி அனுப்பியவரின் போன் எண்ணை ஒரு தாளிலோ எக்செல்லிலோ குறித்து வையுங்கள், பக்கத்தில் காரணத்தோடு. அடுத்த முறை அதே எண்ணிலிருந்து ஆர்டர் வந்தால், காரணம் கூரியரின் தாமதமாக இருந்தால் பழையபடி அனுப்பலாம். சும்மா திருப்பி அனுப்பியவர் என்றால் "இந்த முறை ஆன்லைனில் கட்டினால் அனுப்புகிறோம்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். வியாபாரிகள் வாட்ஸப் குழுக்களில் இப்படிப்பட்டவர்களின் பெயர், எண், முகவரியைப் போட்டு எச்சரிப்பதைப் பார்க்கிறேன். பார்சல் அனுப்புவதற்காகக் கொடுத்த தகவல் அது. அதை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை, 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது.

வாரத்தில் ஒருநாள் கூரியர் அனுப்பிய பணத்தைச் சரிபார்க்க வேண்டும். வங்கியில் வருவது ஒரே மொத்தத் தொகை. சில கம்பெனிகள் கூலியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பும். அந்தத் தொகைக்குள் எந்தெந்தப் பார்சல் இருக்கிறது என்று தளத்தில் ஒரு பட்டியல் கிடைக்கும். அதை இறக்கி, உங்கள் பார்சல் எண்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். ஒப்படைத்தாகிவிட்டது என்று காட்டியும் இரண்டு வாரமாகப் பட்டியலில் வராத பார்சல், வாங்க மறுத்தார் என்று காட்டியும் இன்னும் கைக்கு வராத பார்சல், திரும்பிய பார்சலுக்கும் பிடித்திருக்கும் வசூல் கட்டணம், இந்த மூன்றும்தான் அடிக்கடி மாட்டுவது. மாட்டியதும் பார்சல் எண்ணைப் போட்டு உடனே புகார் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பழைய பதிவு கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும்.

அதே நாளில் திரும்பிய பார்சல்களின் பின்கோடையும் பார்த்துவிடுங்கள். ஒரே பின்கோடில் நாலைந்து திரும்பியிருந்தால் அங்கே இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து மனம் மாறியிருக்க மாட்டார்கள், அந்த ஏரியாவில் உங்கள் கூரியரின் வேலை சரியில்லை. அந்தப் பின்கோடுக்குக் கேஷ் ஆன் டெலிவரியை மூடுவதற்கு முன் வேறு கம்பெனியில் பத்துப் பார்சல் அனுப்பிப் பாருங்கள். அதிலும் அதே அளவு திரும்பினால் அப்போது மூடலாம்.